துருப்பிடித்த கம்பியும் அறுநூற்று நாற்பது பில்லும்

என் வேலையில் தப்பு என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். இன்றைக்கும் வருகிறது. அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது, இன்னும் வேகமாக வந்தது.

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு வளையல் கடைக்கு மேல் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தேன். இரண்டாயிரம் பிறந்து நான்கைந்து வருடம் ஆகியிருக்கும். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், அப்புறம் என் செல்லமான ஸ்கேனர். முப்பது தாளை மேலே அடுக்கி வைத்தால் ஒவ்வொன்றாகத் தானே இழுத்துக்கொள்ளும். கடன் வாங்கி வாங்கியது. கல்யாணப் பத்திரிகையும் கல்லூரி புராஜெக்டும் டைப் அடித்துக்கொண்டிருந்த ஊரில் இப்படி ஒரு மிஷின் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பில் கொஞ்சம் தலைகால் புரியாமல்தான் இருந்தேன்.

அதனால்தான் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றிலிருந்து அந்த வேலை வந்தபோது தயங்காமல் ஒத்துக்கொண்டேன். தணிக்கைக்கு ஓர் அதிகாரி வந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். இரண்டு வருடமாகச் சங்கம் ஜரிகை வாங்கிய பில்கள் அத்தனையும் ஒரே அட்டவணையாக அவருக்கு வேண்டும். அதை மேலிடத்துக் கம்ப்யூட்டரில் அப்படியே ஏற்றப் போகிறார்களாம். ஒரு பில்லுக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் அதே ஐந்து பத்திகள், அதே வரிசையில்: பில் எண், தேதி, லாட் எண், ரகம், அளவு. மொத்தம் அறுநூற்று நாற்பது பில்.

நல்ல வேளையாக எல்லாம் ஒரே வியாபாரி கொடுத்தவை, ஒரே அச்சடித்த படிவம். பில்லுக்கு ஒரே சரக்குதான். அளவு எப்போதும் மார்க்கில் இருக்கும். எங்கள் ஊரில் ஜரிகையை மார்க் கணக்கில்தான் வாங்குவார்கள். ஒரு மார்க் என்பது கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

பில் கட்டுகளை என்னிடம் கொண்டுவந்தவர் சங்கத்தின் ஸ்டோர் கீப்பர். தாமல் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். அவர்கள் தெருவில் ஆபீஸ் உத்தியோகத்துக்கு வந்த முதல் ஆள் அவர்தான் என்று அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். வரும் ஜரிகையை எடை போட்டு வாங்கி வைப்பது, நெசவாளருக்குக் கொடுப்பது, பதிவேட்டில் எழுதுவது எல்லாம் அவர் பொறுப்பு. பில்களை அவர் கம்பியில் குத்தி வைப்பார். கடைகளில் பார்த்திருப்பீர்கள்: மேலே கொக்கி வளைத்த நீளக் கம்பி, சுவரில் தொங்கும், வந்த பில்லை அடியிலிருந்து ஒரு குத்து. அதனால் அறுநூற்று நாற்பது பில்லிலும் நடுவில் ஒரு ஓட்டை இருந்தது.

"ஓட்டை இருந்தா மிஷின் எடுக்குமா மேடம்?" என்று அப்போதே கேட்டார்.

"அதெல்லாம் எடுக்கும்ணா. நீங்க வெச்சிட்டுப் போங்க" என்றேன்.

வேலை எப்படி என்றால், முதலில் எல்லா பில்லையும் கறுப்பு வெள்ளைப் படமாக ஸ்கேன் செய்ய வேண்டும். பிறகு படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருளில் ஒரே ஒரு பில்லைத் திறந்து, அதன் மேல் கட்டங்கள் வரைய வேண்டும். இந்தக் கட்டத்துக்குள் இருப்பது தேதி, இதற்குள் இருப்பது அளவு, இதில் எண் மட்டும்தான் வரும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டால், மற்ற பில்களிலும் அதே இடத்தில் போய் அதுவே படித்துக்கொள்ளும். கட்டம் கூடக் கூட நேரமும் கூடும், சரிபார்க்கும் வேலையும் கூடும். பில்லில் விலையும் தொகையும்கூட இருந்தன. அதிகாரி ஐந்து பத்திதானே கேட்டார், ஆறாவது ஏழாவது நமக்கு எதற்கு என்று அவற்றை விட்டுவிட்டேன். எவ்வளவு பெரிய சோம்பேறித்தனம் என்று அப்போது தெரியவில்லை.

மற்றபடி சும்மா சொல்லக்கூடாது, கவனமாகத்தான் செய்தேன். வியாபாரி நடுவில் பில் போடும் முறையை மாற்றியிருந்தார். பாதி பில்லில் வருடம் இரண்டு இலக்கம், பாதியில் நான்கு. எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கினேன். லாட் எண்ணின் முன்னால் வரும் பூஜ்யங்களை எக்செல் விழுங்கிவிடும் என்பதால் அந்தப் பத்தியை எண்ணாக வைக்காமல் எழுத்தாக வைத்தேன். அளவுப் பத்தியில் "மார்க்" என்ற சொல்லை நீக்கி எண்ணை மட்டும் விட்டேன். எந்த பில்லிலும் நூறு மார்க்குக்கு மேல் வாங்கியதில்லை என்று ஸ்டோர் கீப்பர் சொல்லியிருந்தார். நூறைத் தாண்டினால் தனியாகக் காட்டு என்று ஒரு விதியும் போட்டேன். இரண்டு பில் மாட்டின. ஒன்றில் 120, இன்னொன்றில் 110. படத்தைத் திறந்து பார்த்தேன். 12, 11 என்றுதான் இருந்தது. பக்கத்தில் வட்டமாக ஏதோ ஒரு கறை. தூசு என்று நினைத்து, கையால் திருத்திவிட்டு மேலே போய்விட்டேன்.

புதன்கிழமை சி.டி.யைக் கொடுத்தேன். வியாழக்கிழமை மதியம் அதிகாரி போன் செய்தார்.

"டேபிள் நல்லா வந்திருக்குதுமா. ரெண்டு வருஷத்துல ரெண்டே மாசம்தான் ஒதைக்குது. பில்லுல வந்த ஜரிகை பதிவேட்டுல ஏறல. ஆள் மாட்டிக்கினான்."

எந்த ஆள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த இரண்டு மாதம் ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த மழைக்காலம். அதே சமயத்தில்தான் ஸ்டோர் கீப்பர் தன் ஓலை வீட்டை இடித்துவிட்டுத் தளம் போட்டார் என்று சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதிகாரி அதையும் சொன்னார். "எங்கிருந்து வந்தவன்னு பாருங்க. திடீர்னு மொட்டைமாடி வீடு" என்றார். அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. ஆனாலும் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. என் மிஷின் ஒரு திருடனைப் பிடித்துவிட்டது என்று வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். "பார்த்தா பரம சாது மாதிரி இருப்பார்" என்று என் பங்குக்கும் ஒன்றைச் சேர்த்தேன்.

வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்கு ஸ்டோர் கீப்பர் மாடிப்படி ஏறி வந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு சஸ்பெண்ட் ஆர்டர் குடுக்கறாங்களாம் மேடம். அப்படியே போலீசுல எழுதிக் குடுத்துட்டு ஆபீசரு மெட்ராஸ் கெளம்புறாரு. அந்த ரெண்டு மாசத்து பில்லை மட்டும் உங்க மிஷின்ல காட்டுங்க. கண்ணால பாத்துட்டுப் போயிடறேன்."

"சங்கத்துலயே பார்க்க வேண்டியதுதானே?"

"மூட்டை கட்டி சீல் வெச்சிட்டாரு. சாட்சியாம், பிரிக்கக் கூடாதாம். பதிவேட்டுல நாங்க பில் நம்பர் போடறது இல்ல, அன்னன்னிக்கு வந்ததை மொத்தமா எழுதுவோம். அதனால எந்த பில்லுல வித்தியாசம்னு என்னால காட்ட முடியல. கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்றாரு."

"அப்போ நான் தப்பா போட்டுட்டேன்னு சொல்றீங்களா?" என் குரல் ஏறியது எனக்கே கேட்டது. "அறுநூத்தி நாப்பது பில்லு. ஒவ்வொண்ணா பார்த்துப் பார்த்துப் பண்ணியிருக்கேன்."

அவர் கோபப்படவில்லை. "தப்புன்னு சொல்லலமா. அறுபத்தஞ்சு கிலோ ஜரிகை. நான் எடுத்துக்கினு போயி எங்க வெப்பேன்? பஸ்ஸுல டிபன் பாக்ஸ் எடுத்துக்கினு போற ஆளு நானு. நாளைக்கு ஊருல எப்படி எறங்குவேன் சொல்லு."

"மேடம்" போய் "சொல்லு" வந்துவிட்டது. மனிதர் உடைந்துகொண்டிருந்தார். எனக்கோ அவரை எப்படியாவது கீழே அனுப்ப வேண்டும் என்றுதான் இருந்தது. அதற்காகத்தான் கேட்டேன்: "எவ்வளவு மார்க் குறையுதாம்?"

"முதல் மாசம் நூத்தி நாப்பத்தி நாலு. அடுத்த மாசம் நூத்தி இருபத்தாறு."

நான் பி.காம். படித்தவள். கணக்கில் வரும் வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், பெரும்பாலும் இலக்கம் இடம் மாறியிருக்கும், இல்லையென்றால் ஒரு பூஜ்யம் கூடியோ குறைந்தோ இருக்கும் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நூற்று நாற்பத்து நான்கு, பதினாறு ஒன்பது. நூற்று இருபத்தாறு, பதினான்கு ஒன்பது. திருடுகிறவன் மாதாமாதம் ஒன்பதால் வகுத்துப் பார்த்தா திருடுவான்? அந்த 120, 110 இரண்டும் கண்முன் வந்து நின்றன.

ஐப்பசி மாதப் படங்களைத் திறந்தேன். ஒரு பக்கம் பில், மறுபக்கம் அட்டவணை. ஒவ்வொன்றாகத் தள்ளினேன். பத்து பில் சரியாக இருந்தது. பதினோராவது பில்லில் அளவு 4. என் அட்டவணையில் 40.

நான்குக்குப் பக்கத்தில், கட்டத்துக்குள்ளேயே, ஒரு வட்டம் இருந்தது. உள்ளே வெள்ளை, சுற்றிக் கறுப்பு. பூஜ்யம் போட்டது போலவே இருந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இது என் கம்பிமா" என்றார்.

"கம்பியா?"

"ஜன்னலோரத்துல ஒரு கம்பி தொங்கும். அந்த வருஷம் மழையில சாரல் அடிச்சி துருப் புடிச்சிச்சு. குத்தின எடத்துல சுத்தி துரு ஏறிக்கிச்சி. அப்புறம் கம்பியை மாத்திட்டேன்."

மற்றக் கம்பிகள் போட்ட ஓட்டை வெறும் ஓட்டை. வெள்ளைத் தாளில் வெள்ளையாகப் போய்விடும், மென்பொருளுக்குத் தெரியாது. இந்தக் கம்பி மட்டும் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம் போட்டிருக்கிறது. அது அளவுக் கட்டத்துக்குள் விழுந்த பில்லில்தான் வம்பு. நான் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்ததால் பழுப்பு கறுப்பாகிவிட்டது. அந்தக் கட்டத்தில் எண் மட்டும்தான் வரும் என்று சொல்லிக் கொடுத்தவளும் நானே. வளையத்தை அது பூஜ்யம் என்று படித்ததில் அதன் குற்றம் என்ன இருக்கிறது?

மணி மூன்று ஆகியிருந்தது. அவர் அப்போதே என்னை இழுத்துக்கொண்டு ஓடத் தயாராக இருந்தார். நான்தான் நிறுத்தினேன். அவர் வந்து கெஞ்சியதால் அந்த இரண்டு மாதத்தை மட்டும் திருத்திக் கொடுத்தேன் என்று அதிகாரி சொன்னால் என்ன பதில் சொல்வது? திருத்தினால் அறுநூற்று நாற்பதையும் ஒரே முறையில் சோதித்துத்தான் திருத்த வேண்டும். அதற்கு வழி பில்லிலேயே இருந்தது, நான் சோம்பேறித்தனப்பட்டு விட்ட இரண்டு கட்டங்கள். அளவை விலையால் பெருக்கினால் தொகை வர வேண்டும். வராத பில் எதுவோ அதில்தான் கோளாறு.

விலைக்கு ஒரு கட்டம், தொகைக்கு ஒரு கட்டம் வரைந்தேன். அவசரத்தில் இரண்டு முறை அழித்து வரைய வேண்டியிருந்தது. மூன்று பத்துக்கு ஓட விட்டேன். ஒரு பில்லுக்கு நான்கு விநாடி என்றால் முக்கால் மணி நேரம் போல ஆகும். திரையில் எண் ஏறிக்கொண்டே போனது. நாற்பது, நாற்பத்தொன்று. அவர் இப்போதும் உட்காரவில்லை. ஜன்னல் பக்கம் போவார், திரும்பி வந்து எண்ணைப் பார்ப்பார். இருநூறைத் தாண்டும்போது கரண்ட் போய்விட்டது. யு.பி.எஸ். கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. அது பதினைந்து நிமிடம் தாங்கினால் பெரிது. பிரிண்டரை, மற்றக் கம்ப்யூட்டரை எல்லாம் பிடுங்கிப் போட்டேன். மின்வாரியத்தை நான் அன்றைக்குத் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. பன்னிரண்டாவது நிமிடம் கரண்ட் வந்தது. அவர் கைகூப்பிக்கொண்டு நின்றதை அப்போதுதான் பார்த்தேன்.

நான்கு மணிக்கு முடிந்தது. எக்செல்லைப் பெருக்கிப் பார்க்கச் சொன்னேன். வித்தியாசத்தை வைத்துப் பார்த்தால் ஏழு வரும், எட்டு வரும் என்று காத்திருந்தேன். இருபத்துமூன்று வந்தது.

"என்னமா, இவ்வளவு?" என்றார். எனக்கும் அதே பயம்தான். வேறு மாதங்களிலும் வந்திருந்தன. ஒருவேளை அவர் உண்மையிலேயே எங்கேயாவது எடுத்திருந்தால்? அந்த எண்ணம் வந்ததையும் ஒளிக்கப் போவதில்லை. ஒவ்வொரு படமாகத் திறந்தோம். முதலாவதில் விலையில் இருந்த 8-ஐ மென்பொருள் 3 என்று படித்திருந்தது. அடுத்ததில் தொகையின் நடுவில் இருந்த காற்புள்ளியைப் புள்ளியாக எடுத்துக்கொண்டிருந்தது. இப்படியே பதினாறு பில். பில்லிலும் அளவிலும் தப்பில்லை, புதிதாகப் படித்த இரண்டு பத்தியில்தான் தப்பு. மீதி ஏழு. ஏழிலும் எண்ணுக்குப் பக்கத்தில் வளையம் இருந்தது. நான்கு நாற்பதாகியிருந்தது, ஆறு அறுபதாகியிருந்தது, மூன்று முப்பதாகியிருந்தது. ஏழையும் திருத்தி மாத வாரியாகக் கூட்டினேன். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். பதிவேட்டின் மாதக் கூட்டலை எழுதி வைத்திருந்தார். ஒரு மார்க் கூட வித்தியாசம் இல்லை.

நாலரை மணிக்கு ஷேர் ஆட்டோவில் சங்கத்துக்குப் போனோம். ஐயம்பேட்டைக்குப் போகிற இரண்டு பேர் நடுவில் நெருக்கி உட்கார்ந்துகொண்டு, ஏழு பில் எண்ணையும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அதிகாரி ஆர்டரில் கையெழுத்துப் போட்டு முடித்து, பேனாவை மூடிக்கொண்டிருந்தார். நான் சொன்னதை எல்லாம் கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை.

"புதன்கிழமை ஒரு டேபிள், வெள்ளிக்கிழமை ஒரு டேபிளா? எதைம்மா நம்பறது? அவன் வந்து அழுதானா?"

"அவர் அழலை சார். நான்தான் அழணும். என் டேபிளை நம்ப வேணாம். மூட்டையைப் பிரிங்க. ஏழு பில்லு எடுத்துப் பாருங்க, போதும்."

"சீலை உடைச்சா நான் பதில் சொல்லணும்."

"உடைக்காம ஒரு ஆளை ஜெயிலுக்கு அனுப்பினாலும் நீங்கதான் சார் பதில் சொல்லணும்."

வாய் கொஞ்சம் மிஞ்சிவிட்டது. ஆனால் அது வேலை செய்தது. அதிகாரி சங்கச் செயலாளரையும் சாட்சிக்குக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சீலை உடைத்தார். முதல் பில்லை எடுத்தார். அளவு 4. அவரே பேப்பரில் விலையால் பெருக்கினார். தொகை சரியாக வந்தது. ஓட்டையைச் சுற்றியிருந்த பழுப்பு வளையத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார், துரு விரலில் ஒட்டியது. மீதி ஆறையும் அப்படியே பார்த்தார். பிறகு ஆர்டரை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"எழுதிக் குடுங்க" என்றார்.

எழுதினேன். நான் கொடுத்த அட்டவணையில் தவறு இருந்தது, தவறு என்னுடையது என்று என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த மூன்று சங்கங்களின் பில்லும் எனக்கு வருவதாக இருந்தது. அது அங்கேயே போயிற்று. அதற்காக நான் வருத்தப்பட்டேன், இல்லை என்றால் பொய். ஸ்டோர் கீப்பரிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. "நாளைக்கு வேலைக்கு வந்துடு" என்று மட்டும் செயலாளர் சொன்னார், என்னவோ அவர் லீவில் இருந்தது போல.

திங்கட்கிழமை காலை நான் கடை திறக்கும்போதே அவர் படியில் காத்திருந்தார். கையில் ஒரு புது ஃபைல் இருந்தது. சனிக்கிழமை வந்த பில்கள் மூன்றை இடது ஓரத்தில், எழுத்தே இல்லாத இடத்தில், அழகாகப் பஞ்ச் செய்து கோத்திருந்தார். கம்பிகளை எல்லாம் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டாராம்.

"இங்க குத்தினா மிஷினுக்குத் தொந்தரவு இல்லையே மேடம்? என்னால உங்க பேரு கெட்டுப்போச்சு. அந்தத் துருக் கம்பியை நான் அன்னிக்கே தூக்கிப் போட்டிருக்கணும்."

ஜெயில் வாசல் வரைக்கும் போய்வந்த மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வளையத்தை முதல் நாளே இரண்டு பில்லில் பார்த்தேன், தூசு என்று தாண்டிப் போனேன் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் உங்களைத் திருடன் என்று பேசினேன் என்றும் சொல்லியிருக்க வேண்டும். "இங்க குத்தினா ஒண்ணும் ஆகாதுண்ணா" என்றேன். அவர் சந்தோஷமாகப் படியிறங்கிப் போனார்.